வேலை போய்விட்டது என்று எழுதியிருக்கும் பழைய டீம் லீடுக்கு என்ன பதில் போடுவது?

டெஸ்டர்_தம்பி (திங்கள், காலை 9:50)

இன்று காலை லிங்க்ட்இன்னைத் திறந்ததும் ஒரு பதிவு கண்ணில் பட்டது. 2019 முதல் 2021 வரை என்னோடு ஒரே புராஜெக்ட்டில் இருந்தவர், எனக்கு ஷிப்ட் லீட், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அப்புறம் நான் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன். தீபாவளிக்கு ஒரு வாழ்த்து, அவ்வளவுதான் இப்போது தொடர்பு. பதிவு நான்கே வரிதான். பதினோரு வருடம் இருந்த இடத்தில் அவருடைய பதவியை எடுத்துவிட்டார்களாம், கடைசி நாள் இந்த மாதம் 28, புரொடக்‌ஷன் சப்போர்ட்டிலிருந்து எஸ்ஆர்இ பக்கம், அதாவது சிஸ்டம் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் வேலைக்குப் போகப் பார்க்கிறார், சென்னையோ வீட்டிலிருந்தோ வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார்.

நான் எழுதி வைத்திருக்கும் பதில் இது: “கேட்டு ரொம்ப வருத்தமா இருக்கு அண்ணா. கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லதுக்குத்தான். உங்க திறமைக்கு இதைவிடப் பெரிய இடம் காத்திருக்கு. என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க.”

எழுதி முடித்துப் படித்தால் எனக்கே ஒட்டவில்லை. அவர் பதிவின் கீழே ஏற்கெனவே அறுபது பேர் கிட்டத்தட்ட இதையேதான் எழுதியிருக்கிறார்கள். சும்மா கடந்து போகவும் மனசு வரவில்லை. நெருங்கிய நண்பரும் இல்லை, போன் போட்டுப் பேசும் பழக்கமும் விட்டுப்போச்சு. என்ன எழுதலாம்?

கணக்கர்_திருச்சி (காலை 10:05)

தம்பி, முதலில் பதற்றப்படாமல் உட்காருங்கள். கடைசி நாள் 28 என்றால் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸில் அப்பா அம்மா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு அந்தப் பாதுகாப்பு நின்றுவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம், ஆனால் அதைக் கடைசி நாளுக்கு முன்பே எச்ஆரிடம் எழுதிக் கேட்டுவிட வேண்டும். ஐந்து வருடம் தாண்டியிருப்பதால் கிராஜுவிட்டியும் வரும், இறுதிக் கணக்குத் தாளில் அது தனி வரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டர்_தம்பி (காலை 10:12)

ஐயா, வேலை போனது எனக்கில்லை, என் பழைய லீடுக்கு. அவருக்கு என்ன எழுதுவது என்றுதான் கேட்டேன். ஆனாலும் இன்சூரன்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது, குறித்துக்கொண்டேன். அவருடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது நினைவிருக்கிறது.

மூன்றாம்_ஷிப்ட் (காலை 10:40)

2023-இல் எனக்கு வேலை போனது. நானும் இப்படித்தான் எல்லாரும் பார்க்க எழுதினேன், அதனால் உங்கள் பதிலை வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

“கேட்டு ரொம்ப வருத்தமா இருக்கு.” இதற்கு நான் “பரவால்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று பதில் எழுத வேண்டியிருந்தது. ஒருவருக்கு இல்லை, எல்லாருக்கும். என் வேலை போனதற்கு நான் உட்கார்ந்து மற்றவர்களைத் தேற்றிக்கொண்டிருந்தேன். “மனசே உடைஞ்சு போச்சு”, “ஐயோ உங்களுக்கா இப்படி” என்றெல்லாம் எழுதியவர்களுக்குத்தான் இன்னும் நீளமாகப் பதில் எழுத வேண்டியிருந்தது.

“எல்லாம் நல்லதுக்குத்தான்.” அது எழுதுகிறவருக்குத் தெரியாது. எனக்கு அடுத்த மாத வீட்டுக்கடன் தவணை தெரியும். அந்த வரியைப் படித்தபோது, என் நிலைமையைப் பேசுவதற்கு இங்கே இடமில்லை என்றுதான் தோன்றியது.

“என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க.” நல்ல மனசோடுதான் எழுதுகிறார்கள், அது புரிகிறது. ஆனால் நான் என்ன கேட்பது? அவருக்கு எதைச் செய்ய முடியும், எது சங்கடம் என்று நான்தான் யோசித்து, கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டும். மூன்று வருடம் பேசாத ஒருவரிடம் அதைக் கேட்கவே மாட்டோம். நானும் ஒருவரிடமும் கேட்கவில்லை.

எனக்கு உண்மையில் பயன்பட்டவை இரண்டு. ஒருத்தி, “நாம சேர்ந்து செஞ்ச டேட்டா மைக்ரேஷன்ல நீ எழுதின சரிபார்ப்பு ஸ்கிரிப்டைத்தான் இன்னிக்கும் ஓட்டிட்டு இருக்கோம்” என்று எல்லாரும் பார்க்க எழுதினாள். இன்னொருவர் தனியாக ஒரே ஒரு வேலை விளம்பரத்தின் இணைப்பை அனுப்பி, இந்த டீமில் எனக்கு ஆள் தெரியும், உங்கள் ரெஸ்யூமேயைக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். இரண்டு பேருமே எனக்கு நெருக்கமானவர்கள் இல்லை.

வேளச்சேரி_வாசி (காலை 11:15)

இவ்வளவு யோசிக்கத் தேவையே இல்லை. பதிவு இன்னும் பலரைச் சேரட்டும் என்பதற்காகப் போடும் சிஎஃப்பிஆர் என்ற நாலு ஆங்கில எழுத்தைப் போட்டுவிட்டுப் போங்கள். பின்னூட்டம் விழ விழப் பதிவு அதிகப் பேருக்குப் போகும், யாரோ ஒரு ரெக்ரூட்டர் கண்ணில் படும். உணர்ச்சியாக எழுதுவதைவிட அதுதான் அவருக்கு நிஜமான உதவி.

ஆள்தேடும்_அக்கா (காலை 11:50)

ஐடி கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பதுதான் பதினான்கு வருடமாக என் வேலை. வேளச்சேரி சொல்வதில் பாதி சரி. பின்னூட்டம் போட்டால் அந்தப் பதிவு உங்கள் தொடர்பில் இருப்பவர்கள் சிலருக்கும் போய்ச் சேரும். ஆனால் அவர்கள் பதிவோடு சேர்த்து நீங்கள் எழுதியதையும் பார்ப்பார்கள். தம்பியோட இப்போதைய மேனேஜர் அதைப் பார்க்கிறார் என்று வையுங்கள். சிஎஃப்பிஆர் என்று இருந்தால், தம்பி யாரோ ஒருவருக்கு இரக்கப்படுகிறான் என்று நகர்ந்துவிடுவார். “இவரோடு இரண்டு வருடம் வேலை பார்த்தேன், இன்ன சிக்கலை இப்படித் தீர்த்தார்” என்று இருந்தால் அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பார்.

நான் இப்படிப்பட்ட பதிவுகளைத் திறந்தால் முதலில் பார்ப்பது அவர் என்ன வேலை தேடுகிறார், எங்கே, எப்போது சேர முடியும் என்பதைத்தான். அடுத்து பின்னூட்டங்களை வேகமாக உருட்டுவேன். “ஹார்ட் வொர்க்கர்”, “அருமையான மனிதர்” எதுவும் எனக்கு ஒன்றும் சொல்லாது, எல்லாருக்கும் எழுதுவதுதானே. கூட வேலை பார்த்தவர் ஒரு சம்பவத்தை எழுதியிருந்தால் அங்கே நிற்பேன். தம்பி, அவர் செய்த ஏதாவது ஒன்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? பொதுவாக வேண்டாம், ஒரு நாள், ஒரு சிக்கல்.

டெஸ்டர்_தம்பி (மதியம் 12:30)

இருக்கிறது. 2020 ஊரடங்கு சமயம், எல்லாரும் வீட்டிலிருந்து வேலை. ஒரு வங்கியின் பேமென்ட் அப்ளிகேஷன் எங்களுடையது. மாதக் கடைசி இரவு பேட்ச் பாதியில் நின்றுவிட்டது. ஒரு செட்டில்மென்ட் கோப்பு இரண்டு தடவை உள்ளே வந்திருந்தது, அப்படியே மறுபடி ஓட்டியிருந்தால் பணம் இரண்டு முறை போயிருக்கும். எல்லாரும் சீக்கிரம் ரீஸ்டார்ட் பண்ணுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தபோது இவர்தான் நிறுத்தினார். எண்ணிக்கை ஏன் பொருந்தவில்லை என்று கேட்டுவிட்டு இரண்டு கோப்பையும் வரிசை வரிசையாக ஒப்பிடச் சொன்னார். விடிகாலை நாலரை வரை போன் காலிலேயே இருந்தார். அடுத்த வாரம் அந்த நிலைமையில் என்ன செய்வது என்று படிப்படியாக ஒரு ரன்புக் எழுதினார், நான் அந்த டீமை விட்டு வரும்வரை அதைத்தான் பயன்படுத்தினோம்.

இதை எழுதும்போதே தோன்றுகிறது, இதை நான் அவரிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஆள்தேடும்_அக்கா (மதியம் 1:10)

எழுத வேண்டியது இதுதான், ஆனால் மூன்று இடத்தில் கவனம்.

ஒன்று, வங்கியின் பெயர் வரக்கூடாது, தொகை எதுவும் வரக்கூடாது. அவருக்கும் உங்களுக்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கும், விலகி வந்தாலும் அது தொடரும். “ஒரு பேமென்ட் அப்ளிகேஷன்” என்பது போதும்.

இரண்டு, அவர் போக நினைப்பது எஸ்ஆர்இ பக்கம். நீங்கள் “சப்போர்ட்டில் ராத்திரியெல்லாம் கண்விழித்தார்” என்று எழுதினால் நல்லெண்ணத்தோடேயே அவரைப் பழைய இடத்தில் கட்டிப்போடுகிறீர்கள். ராத்திரி விழித்ததைவிட, ரீஸ்டார்ட் வேண்டாம் என்று நிறுத்தி மூலக் காரணத்தைத் தேடியதும், மறுபடி நடக்காமல் இருக்க ரன்புக் எழுதியதும்தான் எஸ்ஆர்இக்கு ஆள் எடுப்பவர் தேடுவது. நடந்தது ஒன்றுதான், எதை முன்னால் வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அவர் பதிவில் தன்னை என்ன சொல்லிக்கொள்கிறாரோ அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, கம்பெனியைத் திட்டாதீர்கள். “பதினோரு வருஷம் உழைச்சவருக்கு இப்படியா” என்று நியாயமாகவே தோன்றும். ஆனால் அவருக்கு இன்னும் இறுதிக் கணக்கு முடியவில்லை, ரிலீவிங் லெட்டர் கையில் வரவில்லை, அடுத்த கம்பெனி பின்னணி சரிபார்க்க அங்கேதான் கேட்கும். சில இடங்களில் கம்பெனியைப் பற்றித் தவறாகப் பேசமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்குவார்கள். அவர் பதிவின் கீழே நீங்கள் சண்டை போட்டால் அதை அழிக்கச் சொல்லும் சங்கடம் அவருக்கு. இதே காரணத்தால் “என்ன ஆச்சு? ஏன் எடுத்தாங்க?” என்று பொதுவில் கேட்கவும் கூடாது. சொல்ல நினைத்திருந்தால் பதிவிலேயே சொல்லியிருப்பார்.

அப்புறம் மொழி. பொதுவில் எழுதுவதை ஆங்கிலத்தில் எழுதிவிடுங்கள், பெங்களூரிலும் புனேவிலும் இருக்கிற ரெக்ரூட்டரும் படிக்க வேண்டும். தனியாக அனுப்புவது தமிழில் இருக்கட்டும்.

டல்லாஸ்_தமிழன் (இரவு 7:20, இங்கே காலை)

நான் எச்1பி விசாவில் இருந்தபோது வேலை போனது. இங்கே வேலை முடிந்ததிலிருந்து அதிகபட்சம் 60 நாள்தான், அதற்குள் வேறு கம்பெனி மனு போட வேண்டும், இல்லை வேறு விசாவுக்கு மாற வேண்டும், இல்லை கிளம்ப வேண்டும். நான் எழுதிய பதிவின் கீழே ஒரு இருபது பேராவது “கொஞ்ச நாள் ஓய்வெடுங்க, குடும்பத்தோட எங்கேயாவது போய்ட்டு வாங்க” என்று எழுதினார்கள். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு, பள்ளியை என்ன செய்வது என்று நானும் மனைவியும் தூங்காமல் பேசிக்கொண்டிருந்த வாரம் அது.

ஒரே ஒருவர், முன்பு எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், தனியாக எழுதினார்: “உங்களுக்குச் சம்பளத்தில் கடைசி நாள் எது? அதை வைத்து எந்த இடத்துக்கு முதலில் போடலாம் என்று பார்க்கிறேன், எங்கள் இடத்தில் மனு போடவே மூன்று வாரம் ஆகும்.” அந்த ஒரு கேள்வியில் அவருக்கு என் நிலைமை புரிந்திருந்தது. அவர் இடத்தில் எனக்கு வேலை கிடைக்கவில்லை, வேறு இடத்தில்தான் கிடைத்தது. ஆனாலும் இன்றைக்கும் அவர் எழுதியது மனசில் இருக்கிறது.

தம்பியோட நண்பர் சென்னையில் இருப்பதால் விசாப் பிரச்சினை இல்லை. இருந்தாலும் ஓய்வெடுங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அவர் நாள் கணக்கு நமக்குத் தெரியாது.

பீளமேடு (இரவு 8:05)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பொதுவில் எதுவுமே எழுத வேண்டாம் என்பது என் கருத்து. என் அக்கா வீட்டுக்காரருக்கு இப்படி ஆனபோது அவர் லிங்க்ட்இன்னில் எழுதினார், ஆனால் அவருடைய அப்பா அம்மாவுக்குச் சொல்லவில்லை. பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் நல்லது செய்வதாக நினைத்து அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு மூன்று வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதில் ஒரு குழுவில் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அன்றைக்கு இரவே ஊரிலிருந்து அத்தை போன் செய்து அழுதார். வேலை போனதைவிட அந்தப் போனைத்தான் மாமா இன்றும் சொல்வார். எல்லாம் தனிச்செய்தியில் இருப்பதே மரியாதை.

மூன்றாம்_ஷிப்ட் (இரவு 8:30)

குழுவில் போட்டதுதான் அங்கே தப்பு. அவர் லிங்க்ட்இன்னில் எழுதியது அங்கே இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான். அதே இடத்தில் பதில் எழுதுவது அவர் திறந்துவைத்த கதவு வழியாகப் போவது. அதை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். தம்பி, உங்கள் பழைய புராஜெக்ட் குழு இன்னும் இருந்தால் அதில் போட்டுவிடாதீர்கள்.

டெஸ்டர்_தம்பி (இரவு 9:10)

நல்ல வேளை சொன்னீர்கள், மதியம் அதில் போடலாமா என்று யோசித்தேன். போடவில்லை.

இன்னொரு விஷயம். எங்கள் கம்பெனியில் எஸ்ஆர்இக்கு இரண்டு இடம் திறந்திருக்கிறது, உள் போர்ட்டலில் பார்த்தேன். நான் ரெஃபர் பண்ணலாம். ஆனால் நான் சாதாரண டெஸ்டர், எனக்கு அந்த டீமில் யாரையும் தெரியாது. நம்பிக்கை கொடுத்துவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால் இன்னும் மோசமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ரெஃபர் செய்து ஆள் சேர்ந்தால் எனக்கு ஒரு தொகையும் வரும், அது வேறு மனசை உறுத்துகிறது.

ஆள்தேடும்_அக்கா (இரவு 9:45)

உங்களால் முடிந்ததன் அளவைச் சொல்லிவிட்டால் பயம் தேவையில்லை. “பெயரை உள்ளே சேர்க்க முடியும், கூப்பிடுவது என் கையில் இல்லை, அந்த டீமில் எனக்கு யாரையும் தெரியாது.” இப்படி எழுதினால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

முக்கியமான ஒன்று, பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வேலை விளம்பரத்தின் இணைப்பை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். அவர் அவசரத்தில் கம்பெனியின் இணையதளத்தில் நேராக விண்ணப்பித்துவிடுவார். பல கம்பெனிகளில் அப்படி ஒருமுறை பெயர் உள்ளே போய்விட்டால் அதற்குப் பிறகு உங்கள் ரெஃபரல் ஏறாது, ஏற்கெனவே இருக்கிறார் என்று திருப்பிவிடும். அதனால் முதலில், “நேராக அப்ளை செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் இரண்டு நாள் பொறுங்கள், நான் போட்டுவிடுகிறேன்” என்று கேளுங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமேயைப் போடாமல், எது பொருந்தும் என்று விளம்பரத்தை அவரிடம் கொடுத்து அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு போர்ட்டலில் நிலை மாறினால் அன்றே சொல்லுங்கள், இல்லை என்று வந்தாலும்.

அவருக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. ஐடியில் பல இடங்களில் நோட்டீஸ் 90 நாள். ரெக்ரூட்டர் மூன்று மாதம் காத்திருந்து கடைசியில் ஆள் வராமல் போவது எங்களுக்குத் தினசரித் தலைவலி. 28-க்குப் பிறகு உடனே சேர முடிகிறவர் எங்களுக்கு அரிது. ரெஃபரல் குறிப்பில் அதை எழுதுங்கள்.

தொகையைப் பற்றி என் கருத்து, அவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இதில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை.

வேளச்சேரி_வாசி (இரவு 10:00)

தொகையைச் சொல்லத் தேவையில்லை என்பேன். ஐடியில் இருக்கும் எல்லாருக்கும் அது தெரிந்த விஷயம். நாமே எடுத்துச் சொன்னால்தான், இவன் அதற்காகத்தான் வந்தானோ என்று இருக்கும். மற்றபடி சிஎஃப்பிஆர் பற்றி அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், நானே போன வாரம் இரண்டு பேருக்கு அப்படிப் போட்டேன், அவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன், திரும்பப் போய் ஒரு வரியாவது சேர்க்கிறேன்.

சமூகவியல்_மாணவன் (இரவு 10:40)

தம்பி “நெருங்கிய நண்பரும் இல்லை” என்று தயங்குவதால் இதைச் சொல்கிறேன். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று எங்களுக்குப் பாடம். பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் யார் மூலம் கிடைத்தது என்று கேட்டார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் பாதிக்கும் மேல், மிச்சம் பேர் மிக அரிதாகச் சந்திப்பவர்கள். நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும், தள்ளி இருப்பவர்தான் நமக்குத் தெரியாத இடத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார் என்பது அவர் விளக்கம்.

சிறிய ஆய்வு, அமெரிக்கா, ஐம்பது வருடப் பழசு. நம் ஊரில் சாதி, சொந்தம், கல்லூரி எல்லாம் கலந்திருப்பதால் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தம்பியின் கம்பெனியில் இடம் இருப்பதை அந்த அண்ணாவுக்கு அவருடைய நெருங்கிய நண்பர்கள் சொல்லியிருக்க வழியில்லை, இல்லையா.

டெஸ்டர்_தம்பி (செவ்வாய், காலை 7:30)

இரவு உட்கார்ந்து எழுதினேன். பொதுவில் போடுவதன் சாரம் இது, ஆங்கிலத்தில் போடுகிறேன்:

“2019–21இல் ஒரு பேமென்ட் அப்ளிகேஷனில் இவரோடு வேலை பார்த்தேன். ஒரு மாதக் கடைசியில் பேட்ச் நின்றபோது எல்லாரும் ரீஸ்டார்ட் கேட்டார்கள், இவர் நிறுத்தி, ஒரு கோப்பு இரண்டு முறை வந்திருப்பதைக் கண்டுபிடித்தார், பணம் இரட்டிப்பாகப் போகாமல் தப்பியது. மறுபடி நடக்காமலிருக்க அவர் எழுதிய ரன்புக்கை நான் அந்த டீமில் இருந்தவரை பயன்படுத்தினோம். எஸ்ஆர்இக்கு ஆள் தேடுபவர்கள் இவரோடு பேசுங்கள். கேள்வி இருந்தால் என்னையும் கேட்கலாம்.”

தனியாக அனுப்புவது:

“அண்ணா, பதிவைப் பார்த்தேன். பதினோரு வருஷம் இருந்த இடம், சுலபமா இருக்காது. அந்தக் கோப்பு ரெண்டு தடவை வந்த ராத்திரி நீங்க நிறுத்தலன்னா என்ன ஆகியிருக்கும்னு இன்னும் நெனச்சுப் பார்ப்பேன், இதை உங்ககிட்ட சொன்னதே இல்லை. எங்க கம்பெனில எஸ்ஆர்இக்கு ரெண்டு இடம் இருக்கு, விவரம் கீழே. நான் பேரை உள்ள சேர்க்க முடியும், கூப்பிடுறது என் கையில இல்லை. எடுத்தா எனக்கு ஒரு தொகை வரும், அதையும் சொல்லிடறேன். நேரா அப்ளை பண்ணலன்னா ரெஸ்யூமே அனுப்புங்க, ஒரே நாள்ல போட்டுடறேன். வேண்டாம்னாலும் சரி. இப்போ பதில் போடணும்னு இல்லை.”

இன்சூரன்ஸ் விஷயத்தைச் சேர்க்கவா வேண்டாமா என்று தெரியவில்லை.

மூன்றாம்_ஷிப்ட் (காலை 8:00)

“கேளுங்க” என்று அவர் தலையில் போடாமல் நீங்களே ஒன்றைக் கொண்டுபோயிருக்கிறீர்கள், நல்லது. இன்சூரன்ஸை விட்டுவிடுங்கள். எனக்குக் கேட்காமல் வந்த யோசனைகள், அதுவும் முதல் வாரத்தில், எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார்களே என்ற உணர்வைத்தான் கொடுத்தன.

கணக்கர்_திருச்சி (காலை 8:20)

முதலில் தப்பாகப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் இதில் அம்மணியோடு ஒத்துப்போக முடியவில்லை. ரெஸ்யூமே யோசனையை அடுத்த மாதமும் சொல்லலாம். இன்சூரன்ஸுக்குக் கடைசி நாள் இருக்கிறது. உடல்நலம் சரியில்லாத அப்பாவுக்குப் புதிதாக பாலிசி எடுக்கப் போனால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும், மறுக்கவும் செய்யலாம். தேதி உள்ள விஷயத்தை மரியாதைக்காகச் சொல்லாமல் இருப்பது எப்படிச் சரி?

பீளமேடு (காலை 8:45)

“பதில் போடணும்னு இல்லை” என்பது எனக்கு ஒட்டவில்லை. எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் பேச விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாம்_ஷிப்ட் (காலை 9:00)

எனக்கு அந்த வரிதான் மூச்சு விட வைத்திருக்கும். ஆளுக்கு ஆள் மாறும் போல. “இப்போ” என்ற சொல் இருப்பதால் தப்பாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

டெஸ்டர்_தம்பி (செவ்வாய், இரவு 9:30)

இரண்டையும் அனுப்பிவிட்டேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: “28-க்கு முன்னாடி பார்க்க வேண்டிய மெடிக்கல் இன்சூரன்ஸ் விஷயம் ஒண்ணு எனக்கு இப்பதான் தெரிஞ்சுது, வேணும்னா சொல்றேன்.” ரெஸ்யூமே சாயங்காலமே வந்தது, போட்டுவிட்டேன். வேறு எதுவும் எழுதவில்லை. நான்கு நாள் கழித்தும் இன்சூரன்ஸ் பற்றி ஒன்றும் வராவிட்டால் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

டெஸ்டர்_தம்பி (ஆறு வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன். இன்சூரன்ஸுக்கு அவர் மூன்றாம் நாள் “சொல்லு” என்று ஒரே சொல் எழுதினார். சொன்னேன், 28-க்கு முன்பே எச்ஆருக்கு எழுதிவிட்டார். மாற்ற முடியுமா என்று காப்பீட்டு நிறுவனம் இன்னும் முடிவு சொல்லவில்லை.

ரெஃபரல் முதல் சுற்றிலேயே நின்றுவிட்டது. போர்ட்டலில் காரணம் எதுவும் இல்லை, அதனால் ரெக்ரூட்டரிடம் நேரில் போய்க் கேட்டேன். குபெர்நெட்டிஸில் கையால் வேலை செய்த அனுபவம் ரெஸ்யூமேயில் இல்லை என்றார். அண்ணாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு நாள் முழுக்கத் தள்ளிப்போட்டேன், அக்கா அன்றே சொல்லச் சொன்னது நினைவு வந்து இரவு எழுதினேன். “அண்ணா, அந்த இடம் இல்லைன்னு வந்துடுச்சு. குபெர்நெட்டிஸ் கை அனுபவம் கேட்கறாங்க, மத்தது சரின்னாங்க.” வேறு ஆறுதல் எதுவும் சேர்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் போன் செய்தார். மூன்று வருடத்தில் முதல் தடவை. இதுவரை பதினேழு இடத்துக்குப் போட்டதாகவும் காரணம் சொன்னது இது ஒன்றுதான் என்றும் சொன்னார். “ஏதாவது கிடைச்சுதா” என்று தினமும் யாராவது கேட்கிறார்களாம், அதற்குத்தான் போனையே எடுப்பதில்லையாம். நான் அதைக் கேட்கவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன், பத்து நிமிடம் அதைத்தான் பேசினோம். அப்புறம் அவரே, நேர்காணல் கொடுத்து ரொம்ப வருடம் ஆச்சு, யாராவது கேள்வி கேட்டுப் பழக்கினால் நன்றாக இருக்கும் என்றார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறோம். நான் டெஸ்டர், எஸ்ஆர்இ நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சமீபத்தில் போய் வந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் உங்களிடம் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். சனி இரவுக்குள் கிடைத்தால் நல்லது.

ஆள்தேடும்_அக்கா (அதே நாள், இரவு)

போன மாதம் நாங்கள் எடுத்த இருவரிடமும் கேட்டது: ஒரு சர்வீஸ் மெதுவாகிவிட்டது, முதல் ஐந்து நிமிடம் எதைப் பார்ப்பீர்கள்? அந்தக் கோப்பு இரண்டு முறை வந்த இரவை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பாருங்கள், நேரம் வைத்து, மூன்று நிமிடத்துக்குள். முதல் தடவை எட்டு நிமிடம் ஆகும். மீதியை நாளை எழுதுகிறேன்.